எண்ணெய் விலை ஏறியது, ஃபண்ட் ஏன் ஏறவில்லை?

அமெரிக்கப் பங்குச் சந்தையில் USO என்ற குறியீட்டில் ஒரு எண்ணெய் ஃபண்ட் வர்த்தகமாகிறது. யுனைடெட் ஸ்டேட்ஸ் ஆயில் ஃபண்ட் என்பது அதன் முழுப்பெயர். அதன் நீண்டகால சார்ட்டைத் திறந்தால் 2008 ஜூலையில் ஒரு மலைச்சிகரம் தெரியும். உயரம் சுமார் 950 டாலர். 2024 ஆண்டு முடிவில் அதே கோடு 75 டாலர் அருகே தரையோடு தரையாகக் கிடக்கிறது. பன்னிரண்டில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை.

கச்சா எண்ணெய் விலையின் சார்ட்டைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2008 ஜூலையில் ஒரு பீப்பாய் 145 டாலர். 2024 முடிவில் 72 டாலர். இறங்கியது உண்மைதான், ஆனால் பாதிதான். எண்ணெய் பாதியானபோது எண்ணெய் ஃபண்ட் மட்டும் ஏன் பன்னிரண்டில் ஒரு பங்குக்கும் கீழே போனது?

ஒரு விளக்கத்தை முதலிலேயே விலக்கிவிடலாம். அந்த 950 டாலர் யாரும் கொடுத்த விலை அல்ல. அன்று ஒரு யூனிட் ஏறத்தாழ 119 டாலருக்குத்தான் கைமாறியது. 2020 ஏப்ரலில் எட்டு பழைய யூனிட்களை ஒன்றாக்கினார்கள். அதனால் சார்ட் மென்பொருள் பழைய விலைகள் எல்லாவற்றையும் எட்டால் பெருக்கிக் காட்டுகிறது. பெருக்கல் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி என்பதால் சரிவின் விகிதம் இதனால் மாறவில்லை. நிர்வாகக் கட்டணமும் காரணமல்ல. செலவெல்லாம் சேர்த்தும் அது ஆண்டுக்கு ஒரு சதவீதத்துக்குள்தான். காரணம் வேறு இடத்தில் இருக்கிறது.

இந்த ஃபண்ட் எண்ணெய் வாங்கி வைப்பதில்லை. தங்க ஈடிஎஃப் தங்கக் கட்டியைப் பெட்டகத்தில் பூட்டி வைக்கலாம். கட்டி இடத்தையும் அடைக்காது, கெட்டும் போகாது. எண்ணெயை அப்படி வைக்க முடியாது. எனவே ஃபண்ட் வாங்குவது ஃபியூச்சர்ஸ், அதாவது முன்பேர ஒப்பந்தங்கள். நியூயார்க்கின் நைமெக்ஸ் சந்தையில் ஒரு ஒப்பந்தம் என்பது 1,000 பீப்பாய் டபிள்யூடிஐ கச்சா எண்ணெய். ஒப்பந்த மாதத்தில் ஓக்லஹோமா மாநிலத்தில் உள்ள குஷிங் என்ற சிற்றூரின் தொட்டிகளிலும் குழாய்களிலும் அதைக் கைமாற்ற வேண்டும். ஒவ்வொரு மாதத்துக்கும் ஓர் ஒப்பந்தம், ஒவ்வொன்றுக்கும் தனி விலை. மே மாத எண்ணெயின் விலையும் ஜூன் மாத எண்ணெயின் விலையும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

ஃபண்டுக்கு எண்ணெயைக் கையில் வாங்கும் எண்ணம் கிடையாது. குஷிங்கில் அதற்குத் தொட்டியும் கிடையாது. அதனால் காலாவதிக்கு ஏறத்தாழ இரண்டு வாரம் முன்பே கையிலிருக்கும் மாதத்தை விற்று அடுத்த மாதத்தை வாங்கிவிடும். இதைத்தான் ரோல் என்கிறார்கள். முதலீட்டாளர் கொடுத்த பணத்தில் பெரும்பகுதி அமெரிக்க அரசின் குறுகியகாலக் கடன்பத்திரங்களில் வட்டிக்குக் கிடக்கும், அந்தப் பணமே ஒப்பந்தங்களுக்குப் பிணையாகவும் நிற்கும். ஆண்டுக்குப் பன்னிரண்டு முறை ரோல் நடக்கிறது. ஐந்து ஆண்டு வைத்திருப்பவர் அறுபது முறை இதைக் கடந்து வருகிறார், பெரும்பாலும் தனக்குத் தெரியாமலேயே.

மாதவாரியான விலைகளை வரிசையாகக் குறித்து ஒரு கோடு இழுத்தால் கிடைப்பதுதான் ஃபியூச்சர்ஸ் வளைவு. கிட்டத்து மாதம் மலிவாகவும் தூரத்து மாதங்கள் விலை கூடுதலாகவும் இருந்து வளைவு மேல்நோக்கிப் போனால் அது கான்டாங்கோ. கிட்டத்து மாதம் விலை கூடுதலாக இருந்து, போகப்போக வளைவு சரிந்தால் அது பேக்வர்டேஷன்.

வளைவு மேல்நோக்கிப் போனால் எண்ணெய் விலை ஏறும் என்று சந்தை கணிக்கிறது என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அப்படிப் படிப்பது தவறு. வளைவின் சாய்வை முதலில் தீர்மானிப்பது சேமிப்புக் கிடங்குதான். ஒரு வணிகரிடம் தொட்டி இருக்கிறது என்று கொள்வோம். இன்று பீப்பாய் 40 டாலர், அடுத்த மாத ஒப்பந்தம் 42 டாலர். இன்றே எண்ணெயை வாங்கித் தொட்டியில் நிரப்பி, அதே நேரத்தில் அடுத்த மாத ஒப்பந்தத்தை விற்றுவிட்டால் 2 டாலர் வித்தியாசம் அவருக்கு உறுதியாகிவிடும். தொட்டி வாடகை, வட்டி, காப்பீடு மூன்றும் சேர்ந்து 2 டாலருக்குள் வந்தால் அவருக்கு லாபம். லாபம் இருக்கும்வரை எல்லோரும் இதைச் செய்வார்கள், வித்தியாசமும் சுருங்கிவிடும். ஆகவே சாதாரண காலத்தில் கான்டாங்கோ சேமிப்புச் செலவைத் தாண்டி அதிகம் போகாது. தொட்டிகள் நிரம்பிவிட்டால் இந்தக் கடிவாளம் அறுந்துவிடுகிறது. இன்றைய எண்ணெயை வைக்க இடமில்லை என்றால் அதை எந்த விலைக்கும் தள்ளிவிட வேண்டியதுதான்.

பேக்வர்டேஷனுக்கு அந்த மாதிரி உச்சவரம்பே கிடையாது. சுத்திகரிப்பு ஆலைக்கு இந்த வாரமே எண்ணெய் வேண்டும். இல்லாவிட்டால் ஆலையை நிறுத்த வேண்டிவரும். அடுத்த மாதம் வரப்போகும் எண்ணெயை இன்றைக்கு இழுத்துக்கொண்டுவர எந்த வணிகராலும் முடியாது. கையிருப்பு குறையக் குறைய, கையில் இருக்கும் பீப்பாய்க்குத் தனி மதிப்பு கூடிவிடுகிறது. அதனால்தான் தட்டுப்பாடு வரும்போது வளைவின் முன்பகுதி விறுவிறுவென்று உயரும், பின்பகுதி அவ்வளவாக அசையாது.

இனி ஒரு கணக்கு. எண்ணெய் விலை ஓர் ஆண்டு முழுவதும் 40 டாலரிலேயே நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த மாத ஒப்பந்தம் எப்போதும் ஒரு டாலர் கூடுதலாக 41 டாலரில் இருக்கிறது. ஒரு ஃபண்டிடம் 40 லட்சம் டாலர் இருக்கிறது, அதாவது ஒரு லட்சம் பீப்பாய்க்கான ஒப்பந்தங்கள். பின்னங்களிலும் வாங்கலாம் என்று எளிமையாக்கிக்கொள்வோம்.

ரோல் நாளன்று ஒரு லட்சம் பீப்பாயை 40 டாலருக்கு விற்கிறது. கையில் 40 லட்சம். அதை 41 டாலர் விலையில் போட்டால் 97,561 பீப்பாய்தான் கிடைக்கும். இந்த நொடியில் ஃபண்ட் ஒரு காசும் இழக்கவில்லை. விற்ற மதிப்பும் வாங்கிய மதிப்பும் 40 லட்சம்தான். ரோல் செய்த அன்றே பணம் போகிறது என்று பல இடங்களில் எழுதுகிறார்கள், அது சரியல்ல. அன்றைய தினம் ஃபண்டின் விலையில் எந்தப் பள்ளமும் விழாது.

இழப்பு அதற்குப் பிறகு வருகிறது. 41 டாலருக்கு வாங்கிய ஒப்பந்தம், காலாவதி நெருங்க நெருங்க, ரொக்கச் சந்தையின் 40 டாலரை நோக்கி வழுக்கிக்கொண்டே வரும். மாதம் முழுவதும் தினமும் நாலைந்து சென்ட்டாகக் கரைகிறது. எண்ணெய் விலையின் அன்றாட ஏற்ற இறக்கத்துக்கு நடுவே இந்தக் கரைசல் கண்ணுக்குத் தெரியாது. மாத முடிவில் 97,561 பீப்பாய் 40 டாலர் விலையில் 39.02 லட்சம் டாலர். மறுபடி ரோல், மறுபடி குறைவான பீப்பாய். பன்னிரண்டு மாதம் கழித்து ஃபண்டிடம் இருப்பது சுமார் 74,400 பீப்பாய். எண்ணெய் 40 டாலரிலிருந்து அசையவே இல்லை, ஃபண்டில் நாலில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது.

இதே கணக்கைத் திருப்பிப் போடுங்கள். அடுத்த மாதம் 39 டாலர். 40-க்கு விற்று 39-க்கு வாங்கினால் பீப்பாய் எண்ணிக்கை கூடும், வாங்கியது 39-லிருந்து 40-க்கு ஏறிவரும். ஆண்டு முடிவில் 1,35,500 பீப்பாய். எண்ணெய் அசையாமலே ஃபண்ட் 35 சதவீதம் ஏறியிருக்கும்.

ஆகவே இத்தகைய ஃபண்டைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: ஒரு யூனிட்டுக்குள் இப்போது எத்தனை பீப்பாய் இருக்கிறது? ஃபண்டின் விலையை எண்ணெய் விலையால் வகுத்தால் ஏறக்குறைய அந்த விடை வந்துவிடும். வட்டி வருமானமும் கட்டணமும் அதில் கலந்திருக்கும் என்றாலும் வழிகாட்ட இது போதும்.

2006 ஏப்ரலில் USO தொடங்கப்பட்டபோது ஒரு யூனிட்டின் விலை ஏறக்குறைய ஒரு பீப்பாயின் விலையேதான், 70 டாலரை ஒட்டி. அதாவது ஒரு யூனிட்டுக்கு ஒரு பீப்பாய். 2008 முடிவில் யூனிட் 33 டாலர், எண்ணெய் 44.60 டாலர். முக்கால் பீப்பாய்தான் மிச்சம்.

அந்த 2008 டிசம்பரில் குஷிங்கில் என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். நிதி நெருக்கடியில் எரிபொருள் தேவை சரிந்து, தொட்டிகள் நிரம்பிக்கொண்டிருந்தன. டிசம்பர் 19 அன்று ஜனவரி ஒப்பந்தம் 33.87 டாலரில் காலாவதியானது. அதே நாளில் பிப்ரவரி ஒப்பந்தம் 42.36 டாலர். ஒரே எண்ணெய், ஒரே ஊர், ஒரு மாத இடைவெளி, எட்டரை டாலர் வித்தியாசம். தொட்டி கிடைக்காதவர்கள் எண்ணெய்க் கப்பல்களை வாடகைக்குப் பிடித்து நடுக்கடலில் நிறுத்தி எண்ணெயைத் தேக்கினார்கள். வித்தியாசம் அவ்வளவு பெரிதாக இருந்ததால் கப்பல் வாடகை போகவும் லாபம் நின்றது.

அடுத்த வர்த்தக நாளான திங்கட்கிழமை பிப்ரவரி ஒப்பந்தம் 39.91 டாலரில் முடிந்தது. முதல் மாத ஒப்பந்தங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டித் தயாரிக்கும் தொடர் சார்ட்டில் வெள்ளிக்கிழமைப் புள்ளி 33.87, திங்கட்கிழமைப் புள்ளி 39.91. ஒரே நாளில் எண்ணெய் 18 சதவீதம் எகிறியதாக அது காட்டும். பிப்ரவரி ஒப்பந்தத்தைக் கையில் வைத்திருந்தவருக்கு உண்மையில் நடந்தது 42.36-லிருந்து 39.91-க்கு, கிட்டத்தட்ட 6 சதவீத நஷ்டம். சார்ட்டில் தெரியும் அந்த 18 சதவீத லாபத்தை உலகத்தில் ஒருவரும் பெறவில்லை. தொடர் சார்ட்டில் கான்டாங்கோ காலத்தில் ஒவ்வொரு மாத மாற்றத்திலும் சிறிதாகவோ பெரிதாகவோ இப்படி ஒரு பொய் ஏற்றம் ஒட்டப்படுகிறது. அந்த ஏற்றங்களை எல்லாம் சேர்த்துக் காட்டுவது எண்ணெய் சார்ட். அவற்றில் ஒன்றையும் பெறாதது ஃபண்ட் சார்ட். இரண்டு கோடுகளும் ஏன் பிரிந்து போகின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான ஒரு நாள் கிடைக்காது.

2009-இல் எண்ணெய் 44.60-லிருந்து 79.36 டாலருக்கு ஏறியது, 78 சதவீத உயர்வு. USO ஏறியது 19 சதவீதம் அளவுக்குத்தான், 33-லிருந்து 39 டாலருக்கு. எண்ணெய் விலை ஏறும் என்று சரியாகவே கணித்து, சரியான நேரத்தில் வாங்கியவருக்குக் கிடைத்தது கால் பங்கு பலன். வகுத்துப் பார்த்தால் ஒரு யூனிட்டுக்கு அரை பீப்பாய். அந்த ஓர் ஆண்டில் மட்டும் பீப்பாயில் மூன்றில் ஒரு பங்கு கரைந்தது. வட்டி விகிதம் அப்போது பூஜ்யத்தை ஒட்டி இருந்ததால் கடன்பத்திர வருமானமும் கைகொடுக்கவில்லை.

2014 ஜூனில் எண்ணெய் மறுபடி 106 டாலரை எட்டியது. தொடக்க நாளில் 70-ஐ ஒட்டி வாங்கி எட்டு ஆண்டு பொறுமையாகக் காத்தவர் கையில் இருந்தது 39 டாலர். எண்ணெய் ஒன்றரை மடங்காகியிருந்தது, அவர் பணம் பாதியை நோக்கி இறங்கியிருந்தது. 2019 முடிவில் யூனிட் 12.81, எண்ணெய் 61.06. ஐந்தில் ஒரு பங்கு பீப்பாய்.

கரைந்த பீப்பாய்கள் எங்கே போயின என்ற கேள்வி நியாயமானது. அவற்றில் கணிசமான பகுதி தொட்டி வைத்திருந்தவர்களிடம் போனது. அடுத்த மாத ஒப்பந்தத்தை விற்று, எண்ணெயைத் தேக்கி, வித்தியாசத்தை எடுத்தவர் முன்பு பார்த்த வணிகர்தானே? அந்த ஒப்பந்தத்தை உயர்ந்த விலைக்கு வாங்கியவர்களில் ஃபண்டும் ஒன்று. சுருங்கச் சொன்னால், வீட்டில் உட்கார்ந்து எண்ணெய் யூனிட் வைத்திருந்தவர் குஷிங்கில் இருந்த தொட்டிக்கு மாதவாடகை கட்டிக்கொண்டிருந்தார். எண்ணெயைச் சும்மா வைத்திருப்பதற்கு ஒரு செலவு உண்டு, அதை யாராவது கட்டத்தான் வேண்டும். இதில் மோசடி எதுவும் இல்லை. ஆனால் அந்தச் செலவு கட்டணம் என்ற பெயரில் எந்த அறிக்கையிலும் தனி வரியாக வராது என்பதுதான் ஆபத்து.

பிறகு 2020 வந்தது. கொரோனா முடக்கத்தில் விமானம் பறக்கவில்லை, வண்டி ஓடவில்லை. மார்ச் முடிவில் எண்ணெய் 20 டாலருக்கு வந்துவிட்டது. இதற்குக் கீழே எங்கே போகும் என்று நினைத்த சிறு முதலீட்டாளர்கள் USO-வில் கோடிக்கணக்கான டாலர்களைக் கொட்டினார்கள். ஏப்ரலின் முதல் பாதியில் ஃபண்ட் வழக்கம்போல் மே மாத ஒப்பந்தத்திலிருந்து ஜூனுக்கு மாறியது. அந்த நாட்களில் இரண்டுக்கும் இடையே இருந்த வித்தியாசம் சுமார் 6 டாலர், 25 சதவீதத்தை ஒட்டி.

ஏப்ரல் 20 அன்று மே ஒப்பந்தம் மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. எண்ணெயை எடுத்துக்கொள்ள இடம் இல்லாதவர்கள், எடுத்துக்கொண்டு போனால் போதும் என்று பணமும் கொடுத்தார்கள். USO-வின் அழிவுக்கு இந்த மைனஸ் விலையைத்தான் பலரும் காரணமாகச் சொல்கிறார்கள். ஃபண்ட் அதற்குள் மே ஒப்பந்தத்தை விட்டு வெளியே வந்துவிட்டது. அன்று அது வைத்திருந்தது பெரும்பாலும் ஜூன் ஒப்பந்தம், விலை 20.43 டாலர். மறுநாள் அது 11.57-க்கு விழுந்தது. ஜூனும் மே வழியில் போய்விட்டால் ஃபண்டே காலியாகும் என்ற பயத்தில், முதல் மாதத்தையே நம்பியிருக்கும் வழக்கத்தைக் கைவிட்டுப் பல மாத ஒப்பந்தங்களில் பணத்தைப் பரப்பினார்கள். எட்டுக்கு ஒன்று இணைப்பும் அந்த மாத முடிவில்தான் நடந்தது.

பேராபத்து விலகியது, ஆனால் அதற்கும் ஒரு விலை இருந்தது. எண்ணெய் மீண்டபோது முன்மாதம்தான் வேகமாக ஏறியது, தூரத்து மாதங்கள் மெதுவாகத்தான் ஏறின. 2020 மார்ச் 31 அன்று எண்ணெய் 20.48 டாலர், அந்த ஆண்டு முடிவில் 48.52 டாலர். இரண்டு மடங்குக்கும் மேல். USO-வின் விலை, எட்டால் பெருக்கிச் சரிசெய்த கணக்கில், மார்ச் 31 அன்று 33.7 டாலர், ஆண்டு முடிவில் 33 டாலர். மார்ச் முடிவில் வாங்கி, எண்ணெய் இரட்டிப்பாவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தவருக்கு ஒரு பைசா லாபம் இல்லை. தொடக்கத்தில் ஒரு பீப்பாய் இருந்த பழைய யூனிட்டில் இப்போது மிஞ்சியது 0.085 பீப்பாய். ஒரு பீப்பாய் 159 லிட்டர், அந்த அளவில் இது பதின்மூன்றரை லிட்டர்.

இந்த இடத்தில் நிறுத்திவிட்டு, இத்தகைய ஃபண்டுகள் எப்போதும் தேயும் என்று முடிவுகட்டுகிறவர்கள் உண்டு. அது அரைகுறை முடிவு. 2021-இல் தேவை திரும்பியது, கையிருப்பு இறங்கியது, வளைவு பேக்வர்டேஷனுக்குத் திரும்பியது. அந்த ஆண்டு எண்ணெய் 55 சதவீதம் ஏற, USO 65 சதவீதம் ஏறியது. 2022-இல் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்தபின் முன்மாதத்துக்கும் அடுத்த மாதத்துக்கும் இடையே பல டாலர்கள் வித்தியாசம் வந்தது. ஆண்டு முழுவதையும் பார்த்தால் எண்ணெய் 75-லிருந்து 80 டாலருக்கு, 7 சதவீதம்தான் உயர்ந்தது. USO 54-லிருந்து 70 டாலருக்கு, 29 சதவீதம். அடுத்த இரண்டு ஆண்டில் எண்ணெய் 80-லிருந்து 72-க்கு இறங்கியது, USO 70-லிருந்து 75-க்கு ஏறியது.

எண்ணெய் இறங்க, எண்ணெய் ஃபண்ட் ஏறுகிறது. 2009-இல் திகைத்தவர் இப்போது எதிர்ப்பக்கமாகத் திகைப்பார். புதிய யூனிட் கணக்கில் 2020 முடிவில் 0.68 பீப்பாய் இருந்தது, 2024 முடிவில் 1.05 பீப்பாய். கடைசி இரண்டு ஆண்டு வளர்ச்சி முழுவதையும் வளைவின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. அப்போது அமெரிக்கக் குறுகியகாலப் பத்திரங்கள் 5 சதவீதத்தை ஒட்டி வட்டி கொடுத்தன, வளர்ச்சியில் பாதிக்கு நெருக்கமான பகுதி அந்த வட்டியிலிருந்தே வந்திருக்கும். எப்படியானாலும் திசை மாறியதற்கு முதல் காரணம் வளைவின் சாய்வு மாறியதுதான்.

இப்போது அந்த 950 டாலர் சிகரத்துக்குத் திரும்பிப் பார்க்கலாம். பங்குச் சார்ட் பார்த்துப் பழகியவர்கள் பழைய உச்சத்தைத் தடைநிலை என்றும், பழைய அடிமட்டத்தை ஆதரவுநிலை என்றும் குறிப்பார்கள். எண்ணெய் ஃபண்டில் அந்தக் கோடுகளுக்கு அர்த்தமில்லை. 950 டாலர் என்ற விலைக்குள் இருந்தது ஆறரை பீப்பாய். 2024 முடிவில் ஒரு யூனிட்டுக்குள் இருந்தது ஒன்றை ஒட்டித்தான். எண்ணெய் மறுநாளே 145 டாலர் தொட்டிருந்தாலும் அந்த யூனிட் 150 சொச்சம் டாலரைத் தொட்டிருக்கும், அவ்வளவுதான். இத்தனை சதவீதம் இறங்கிவிட்டது, மலிவாகக் கிடைக்கிறது என்று சார்ட்டைப் பார்த்து வாங்குகிறவர் ஒரே பெயரில் இருக்கும் இரண்டு வேறு பொருள்களை ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

இதை நீங்களே சரிபார்க்கலாம். டிரேடிங்வியூ போன்ற சார்ட் தளத்தில் தேடல் பெட்டியில் இப்படித் தட்டினால் போதும்:

```
AMEX:USO/NYMEX:CL1!
```

வருவது யூனிட்டுக்கு எத்தனை பீப்பாய் என்ற கோடு. இணைப்புக்கேற்பச் சரிசெய்த விலை என்பதால் 2006-இல் எட்டை ஒட்டித் தொடங்கும். 2009, 2015, 2016 போன்ற தேக்க காலங்களில் செங்குத்தாக இறங்கும். 2021-க்குப் பின் மெல்ல ஏறும். 2020 ஏப்ரல் 20-ஐ ஒட்டி மட்டும் எண்ணெய் விலை மைனஸ் ஆனதால் கோடு கண்டபடி துள்ளும், அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியது அன்றைய வளைவு. முதல் மாத விலை, இரண்டாம் மாத விலை, இரண்டும் போதும். வித்தியாசத்தை முதல் மாத விலையால் வகுத்துப் பன்னிரண்டால் பெருக்கினால் ஆண்டுக்கு எத்தனை சதவீதம் எதிராகவோ ஆதரவாகவோ இருக்கிறது என்பது தோராயமாகத் தெரியும். 70 டாலர் எண்ணெயில் மாதத்துக்கு 35 சென்ட் கான்டாங்கோ என்றால் ஆண்டுக்கு 6 சதவீதம். எண்ணெய் 6 சதவீதம் ஏறினால்தான் நீங்கள் நின்ற இடத்தில் நிற்பீர்கள். இந்தச் சாய்வு சில வாரங்களிலேயே மாறக்கூடியது, எனவே ஒருமுறை பார்த்துவிட்டு ஐந்து ஆண்டுக்கு நம்ப முடியாது. பன்னிரண்டு மாதங்களில் சமமாகப் பணத்தைப் பரப்பும் USL போன்ற ஃபண்டுகளில் கரைசல் பொதுவாகக் குறைவு. அதற்கு ஈடாக, எண்ணெய் திடீரென்று ஏறும்போது அவை அவ்வளவு வேகமாக ஏறுவதும் இல்லை.

நம் ஊரில் எம்சிஎக்ஸ் சந்தையில் கச்சா எண்ணெய் லாட் வாங்கி, மாதாமாதம் ரோல்ஓவர் செய்துகொண்டே போகிறவர்களும் இதே வளைவின் மேல்தான் நிற்கிறார்கள். அங்கே ஃபண்ட் மேலாளர் செய்யும் வேலையை இவர்கள் கையால் செய்கிறார்கள், வேறு வித்தியாசமில்லை. எம்சிஎக்ஸ் ஒப்பந்தம் நைமெக்ஸ் விலையை வைத்து ரூபாயில் தீர்க்கப்படுவது. அதனால்தான் 2020 ஏப்ரல் ஒப்பந்தம் இங்கேயும் பீப்பாய்க்கு மைனஸ் 2,884 ரூபாயில் தீர்க்கப்பட்டது. 100 பீப்பாய் லாட்டை முடிவுவரை வாங்கி வைத்திருந்தவர், வாங்கிய விலை முழுவதையும் இழந்ததோடு லாட்டுக்கு 2,88,400 ரூபாய் கூடுதலாகவும் கட்ட வேண்டியிருந்தது.

தங்கம், வெள்ளி ஈடிஎஃப் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் பதற வேண்டியதில்லை. இந்தியாவில் அவை பெரும்பாலும் உலோகத்தையே வாங்கிப் பெட்டகத்தில் வைப்பவை. அங்கே ரோல் இல்லை, கரைசலும் இல்லை. எண்ணெய், இயற்கை எரிவாயு, கோதுமை, மக்காச்சோளம் போன்று வைத்துக் காப்பது கடினமான பொருள்களின் ஃபண்டுகளில்தான் இந்தக் கணக்கைப் போட வேண்டும்.

USO-வின் விளக்க ஆவணத்தில் ஃபண்டின் நோக்கமே அன்றாட சதவீத மாற்றத்தைப் பின்தொடர்வது என்றுதான் எழுதியிருக்கிறது. அதாவது, குறிப்பிட்ட ஃபியூச்சர்ஸ் ஒப்பந்தங்கள் இன்று எத்தனை சதவீதம் அசைந்தனவோ அத்தனை சதவீதம் யூனிட்டும் அசைய வேண்டும். ஐந்து ஆண்டில் எண்ணெய் விலையோடு சேர்ந்து போவேன் என்ற வாக்குறுதி அதில் எங்கும் கிடையாது. கான்டாங்கோவில் இழப்பு வரும் என்ற எச்சரிக்கையும் அதே ஆவணத்தில் இருக்கிறது. பொருள் சார்ந்த எந்த ஃபண்டை வாங்கினாலும், சார்ட்டைத் திறப்பதற்கு முன் அந்தப் பக்கங்களைப் படியுங்கள்.